கேரமல் கஸ்டர்டில் ஓட்டையா, தண்ணீரா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கஸ்டர்டைத் தட்டில் கவிழ்த்துவிட்டீர்கள். வழவழவென்று இருக்க வேண்டிய பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அல்லது தட்டில் தண்ணீர் நிற்கிறது. உடனே முட்டையையோ பாலையோ குறை சொல்ல வேண்டாம். முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது, தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டிலேயே காரணம் தெரிந்துவிடும்.

பார்க்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். கஸ்டர்ட் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. அச்சில் அடியில் கேரமலோடு ஒட்டியிருந்த பகுதி இப்போது மேலே இருக்கிறது. ஓவனில் மேற்பரப்பாக இருந்தது இப்போது தட்டைத் தொட்டுக்கொண்டு கீழே இருக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: ஃபுல் கிரீம் பால் 500 மில்லி, முட்டை 4, சர்க்கரை 75 கிராம், சிறிது வனிலா. கேரமலுக்குத் தனியாக 80 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். 130 மில்லி பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஆறில், அல்லது 15 சென்டிமீட்டர் அகல அச்சு ஒன்றில் இது அடங்கும். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

பக்கவாட்டில் ஓட்டை, தட்டில் வெளிர் தண்ணீர்

அதிகம் பேருக்கு நேர்வது இதுதான். கஸ்டர்டின் பக்கச் சுவரிலும், கேரமல் படிந்த மேல்பகுதியிலும் ஓட்டைகள் இருக்கும். வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாக, சில இடங்களில் சுரங்கம்போல் நீண்டும் இருக்கும். ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால், ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை, நடுவில் ஓரளவு வழவழப்பு. கரண்டியால் லேசாக அழுத்தினால் அந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் கசியும். அந்த ஓரப்பகுதியை வாயில் போட்டால் வேகவைத்த முட்டையின் வாடை தெரியும். இவ்வளவும் சேர்ந்திருந்தால் காரணம் ஒன்றுதான்: அந்த ஓரம் தேவைக்கு மேல் சூடாகியிருக்கிறது.

கஸ்டர்ட் உறைவது முட்டையின் புரதத்தால். சூடு ஏறும்போது சுருண்டிருக்கும் புரதங்கள் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. பாலும் சர்க்கரையும் அந்த வலைக்குள் பிடிபட்டு நிற்கின்றன. வெறும் முட்டை 70 டிகிரி வாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். ஆனால் பால் புரதத்தை நீர்க்க வைக்கிறது, சர்க்கரை அது விரிவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் நம் கலவை உறைய ஏறக்குறைய 80 டிகிரி ஆகும். 85-ஐத் தாண்டினால் வலை மேலும் மேலும் இறுகத் தொடங்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கிறது: பிடித்து வைத்திருந்த நீர் வெளியே வருகிறது. தட்டில் நிற்கும் வெளிர் தண்ணீர் அது.

ஓட்டையும் அதே சூட்டின் வேலைதான். ஓரம் கொதிநிலையை நெருங்கும்போது கஸ்டர்டில் உள்ள நீர் ஆவியாகிறது, கரைந்திருந்த காற்றும் விரிகிறது. அதற்குள் சுற்றியுள்ள பகுதி உறைந்துவிட்டதால், அந்தக் குமிழிகளுக்கு மேலே வந்து உடைய வழியில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டு குழியாக நிற்கின்றன. ஆக, ஓட்டையையும் தண்ணீரையும் தனித்தனியாகச் சரிசெய்ய முயல வேண்டாம். இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

உறைவதற்கும் நீர் விடுவதற்கும் நடுவே சில டிகிரிதான் இடைவெளி. ஓவனுக்குள் இருக்கும் காற்றோ 150, 160 டிகிரி. அந்தக் காற்றும் சூடான தட்டும் அச்சை நேரடியாகத் தொட்டால், நடுப்பகுதி 80-க்கு வருவதற்குள் ஓரம் எங்கேயோ போய்விடும். அச்சைச் சுற்றித் தண்ணீர் வைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாட்டர் பாத்தின் உண்மையான பயன் அதைவிடப் பெரியது. திறந்த தட்டில் இருக்கும் தண்ணீர் ஓவனுக்குள் கொதிப்பதே அரிது. மேற்பரப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருப்பதால், ஏறும் சூட்டில் ஒரு பெரும் பகுதியை அந்த ஆவி எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் தண்ணீர் 80-லிருந்து 90 டிகிரிக்குள்ளாகவே நின்றுவிடுகிறது. மெல்லிய ஸ்டீல் தட்டில் சற்றுக் குறைவாக, கனமான இரும்புத் தட்டில் சில டிகிரி கூடுதலாக இருக்கும். கஸ்டர்ட் உறையத் தேவையான சூட்டுக்குச் சற்று மேலே நிற்கும் ஒரு குளியல் இது. ஓரம் எல்லை மீறாது, நடுப்பகுதி மெல்ல எட்டிப்பிடிக்கும்.

இந்தக் கணக்கு முழுக்க ஆவி வெளியேறுவதை நம்பியே நிற்கிறது. பலர் இங்கேதான் இடறுகிறார்கள்.

போன மாதம் அண்ணி ஒரு படம் அனுப்பியிருந்தார். மேலே நல்ல பழுப்பு நிறம், பக்கமெல்லாம் ஓட்டை, தட்டில் கேரமலோடு கலக்காமல் ஓரமாக வெளிர் தண்ணீர். "தண்ணியெல்லாம் வச்சுத்தான் பண்ணினேன், அப்பவும் இப்படி" என்றார்.

"அண்ணி, மேல ஃபாயில் போட்டீங்களா?"

"ஆமா, தட்டு முழுக்க நல்லா இறுக்கி மூடினேன். ஆவி வெளிய போகக் கூடாதில்ல?"

மற்றதையும் விசாரித்தேன். 15 சென்டிமீட்டர் அலுமினிய அச்சு. ஓடிஜியில் 180 டிகிரி. தட்டில் கொதிக்கும் தண்ணீர், அச்சுக்கு அடியில் நாலாக மடித்த துணி. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து நடுவில் கத்தியைக் குத்தி, சுத்தமாக வந்ததும் வெளியே எடுத்திருக்கிறார். அச்சைத் தண்ணீரிலேயே ஆற விட்டிருக்கிறார்.

ஒவ்வொன்றும் அக்கறையோடு செய்ததுதான். ஆனால் எல்லாமே சூட்டைக் கூட்டும் திசையில் போய்விட்டன. தட்டை இறுக்கி மூடியதும் ஆவி போக வழியில்லாமல் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். அதாவது 85 டிகிரிக் குளியல் 100 டிகிரியாகிவிட்டது. அடியில் போட்ட துணியும் பலர் நினைப்பதுபோல் எப்போதும் உதவாது. மடித்த துணி தட்டோடு படிந்து கிடந்தால், அதற்குக் கீழே தண்ணீர் சுழல முடியாமல் அங்கே மட்டும் கொதிக்கும். தண்ணீர் அடியிலும் புகுந்து வரும்படி ஒரு சின்னக் கம்பி ஸ்டாண்டு வைப்பது நல்லது. நடுவில் குத்திய கத்தி சுத்தமாக வருகிறது என்றால், ஓரம் அதற்கு வெகு முன்பே வெந்து முடிந்திருக்கும். வெளியே எடுத்த பிறகும் அச்சு சுடுநீரிலேயே இருந்ததால், மிச்ச வேக்காடு அங்கே நடந்தது.

அடுத்த தடவை இப்படி மாற்றச் சொன்னேன். ஓவன் 150 டிகிரி. தட்டு திறந்திருக்க, அச்சின் வாயை மட்டும் ஒரு துண்டு ஃபாயிலால் தளர்வாக மூடுவது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, கலவையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஊற்றுவது. 50-வது நிமிடத்திலிருந்து அச்சை லேசாகத் தட்டிப் பார்ப்பது. ஓரம் அசையாமல் இருக்க, நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் ஜெல்லி மாதிரி ஆடினால் எடுத்துவிட வேண்டும். எடுத்த உடனே தண்ணீரிலிருந்தும் தூக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டிலேயே நடுப்பகுதி இன்னும் சில நிமிடங்களில் உறைந்துவிடும்.

அவருக்கு 58-வது நிமிடத்தில் அந்த ஆட்டம் கிடைத்தது. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கவிழ்த்தார். பக்கமெல்லாம் சுத்தம், வெளிர் தண்ணீரும் இல்லை. தட்டைத் தொடும் அடிப்பக்கத்தில் மட்டும் ஊசிமுனை அளவு ஓட்டைகள் மிஞ்சியிருந்தன. அது வேறு பிழை, கீழே வருகிறது.

ஒரு எச்சரிக்கை: 58 நிமிடம் என்பது அந்த அச்சுக்கும் அந்த ஓவனுக்கும் மட்டும்தான். சின்னக் கிண்ணங்கள் 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குள் ஆகிவிடும். தடிமனான பீங்கான் கிண்ணத்துக்கு அலுமினியத்தைவிட நேரம் கூடும். ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அரிது, அதனால் ஓவன் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிடுவது நல்லது. குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம்: நடுவில் 78-லிருந்து 80 டிகிரி காட்டியதும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கத்தியை நடுவில் குத்தாமல், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் குத்துங்கள். அங்கே சுத்தமாக வந்தால் போதும்.

ஊசிமுனை ஓட்டைகள், ஒரே சீராக

குத்தி வைத்ததுபோல் வட்டமான சின்னச் சின்ன ஓட்டைகள். தட்டைத் தொடும் பக்கத்தில், அதாவது ஓவனில் மேற்பரப்பாக இருந்த பக்கத்தில் அதிகமாகவும், சில நேரம் உள்ளேயும் சிதறியும் இருக்கும். தண்ணீர் கசியாது. சாப்பிட்டால் மென்மையாகவே இருக்கும். இது சூட்டால் வந்ததல்ல. முட்டையை அடிக்கும்போதே காற்று உள்ளே போய்விட்டது. நுரை மேலே மிதப்பதால்தான் ஓட்டைகளும் அந்தப் பக்கம் சேர்கின்றன.

எலக்ட்ரிக் பீட்டரும் மிக்ஸியும் இதற்கு வேண்டாம். கை விஸ்க்கின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட்டபடியே இருக்க, தூக்காமல் இடவலமாகக் கலக்குங்கள். முட்டையின் வெள்ளை உடைந்து மஞ்சளோடு சேர்ந்தால் போதும், நுரைக்க வேண்டியதில்லை. பாலை ஆவி வரும் வரை சூடாக்கி, சர்க்கரையைக் கரைத்து, 60 டிகிரி வாக்கில் ஆறவிட்டு முட்டையில் ஊற்றுங்கள். விரல் வைத்தால் சுடும், ஆனால் கொதிக்காது என்ற பக்குவம். சூடாக்கும்போது பாலில் கரைந்திருந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும், ஓவனில் வேகும் நேரமும் குறையும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும்.

அப்புறம் மெல்லிய வடிகட்டியில் வடிகட்டி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுங்கள். அச்சில் ஊற்றும்போது உயரத்திலிருந்து ஊற்றாமல், கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்டு ஊற்றுங்கள். அதன் பிறகும் மேலே குமிழி தெரிந்தால் ஒரு டிஷ்யூ காகிதத்தை மேலே படியவைத்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அண்ணி செய்த கஸ்டர்டில் மிஞ்சியது இதுதான். கலக்கியதும் நேராக அச்சில் ஊற்றி ஓவனில் வைத்திருந்தார்.

இரண்டு பிழைகளும் ஒன்றாக இருந்தால் முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள். ஊசிமுனை ஓட்டைகள் கண்ணுக்குத்தான் குறை, சுவைக்கு இல்லை. அதிக சூடு இரண்டையும் கெடுக்கும்.

தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை

இங்கே நிறம்தான் முக்கியம்.

பழுப்பாக, இனிப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால் அது பிழையே இல்லை. அச்சின் அடியில் கண்ணாடிபோல் இறுகியிருந்த கேரமல், கஸ்டர்டின் ஈரத்தை இழுத்துக் கரைந்து பாகாகியிருக்கிறது. அதற்காகத்தான் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். சீக்கிரம் கவிழ்த்தால் பாகு குறைவாக வரும், கேரமலில் பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பால்போல் வெள்ளையாக, நடுவிலிருந்து வழிந்தால் கஸ்டர்ட் வேகவில்லை. இன்னும் கவிழ்க்கவில்லை என்றால் காப்பாற்றலாம்: மறுபடி சுடுநீர்த் தட்டில் வைத்து, அதே 150 டிகிரியில் பத்துப் பத்து நிமிடமாகப் பார்த்து எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்ததென்றால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

நிறமே இல்லாமல், சுவையும் இல்லாமல், அச்சிலேயே மேற்பரப்பில் குளமாக நின்றால் அது வெளியிலிருந்து வந்த தண்ணீர். மூடியிலோ ஃபாயிலிலோ படிந்த ஆவி சொட்டியிருக்கும். அல்லது சூடு ஆறுவதற்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பீர்கள். கவிழ்ப்பதற்கு முன் அச்சைச் சாய்த்து வடித்துவிடலாம்.

வெளிர் மஞ்சளாக, லேசாகக் கலங்கி, பாகோடு சேராமல் ஓரத்தில் பிரிந்து நின்றால், ஓட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அதிக வேக்காடுதான். இதைத் திரும்ப உள்ளே சேர்க்க முடியாது. எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இறுகிய வலை தளராது. தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டு, ஓரத்தைக் கத்தியால் வட்டமாகச் சீவி எடுத்துவிட்டால் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஓரம் ஓட்டை, நடு குழகுழ

ஒரே அச்சில் இரண்டு குறையும் இருப்பது குழப்பும். நடு வேகவில்லையே என்று அடுத்த முறை சூட்டைக் கூட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் ஓரம் இன்னும் மோசமாகும். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. சூடு ஓரத்திலிருந்து நடுவுக்குப் போக நேரம் எடுக்கும், வேகமாகத் தள்ளினால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெருகும்.

தட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் இருந்தது என்றும் பாருங்கள். அரை அங்குலத் தண்ணீர் வைத்தால் அதற்கு மேலே இருக்கும் அச்சின் சுவரெல்லாம் ஓவன் காற்றில்தான் வேகிறது. குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பிடித்து ஊற்றுவதும் இதே சிக்கலைத் தரும். அந்தத் தண்ணீர் சூடாகவே அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் மேல்பகுதி காற்றின் சூட்டில் தடித்துவிடும், அடிப்பகுதி அப்படியே இருக்கும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி அச்சுக்கு மிக அருகில் இருப்பதால், அச்சைக் கீழ்த்தட்டில் வைத்து, வாயை ஃபாயிலால் மறைப்பது அவசியம்.

எதிர்ப்பக்கமும் ஒரு எல்லை உண்டு. பயந்துபோய் 110, 120 டிகிரிக்கு இறக்கினால், அகலமான தட்டில் ஆவி நிறையப் போய், தண்ணீர் 80-ஐயே தொடாமல் நிற்கலாம். அப்போது இரண்டு மணி நேரம் வைத்தாலும் கஸ்டர்ட் உறையாது. கண்டென்ஸ்டு மில்க் நிறையச் சேர்த்தாலும் சர்க்கரை அதிகமாகி உறையும் வெப்பநிலை ஏறிவிடும். அதற்கு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பாலைக் கூட்டிவிட்டு முட்டையைக் கூட்டாமல் விட்டால் வலை கவிழ்க்கும் அளவுக்கு உறுதியாக இருக்காது. 500 மில்லிக்கு இரண்டு முட்டை போட்டால் கிண்ணத்திலேயே கரண்டியால் எடுத்துச் சாப்பிடத்தான் முடியும்.

ஓவன் இல்லை, இட்லிப் பாத்திரத்தில் செய்கிறேன்

இங்கே சூட்டின் கணக்கு மாறுகிறது. அச்சைச் சுற்றி இருப்பது 85 டிகிரித் தண்ணீரல்ல, 100 டிகிரி ஆவி. அந்த ஆவி அச்சின் மேல் படிந்து நீராகும்போது நிறையச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஆவியில் வைத்த கஸ்டர்டில் பக்கவாட்டு ஓட்டை இவ்வளவு சுலபமாக வருகிறது. இலங்கையின் வட்டிலப்பமும் முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து ஆவியில் உறையவைப்பதுதான். அதில் ஓட்டைகள் இருப்பதைப் பலர் விரும்பியே கேட்பார்கள், பாகு அதற்குள் இறங்கி நிற்கும் என்று. கேரமல் கஸ்டர்டில் நமக்கு அது வேண்டாம்.

தண்ணீர் கொதித்ததும் தீயை முழுக்கக் குறைத்துவிடுங்கள். கிண்ணத்தின் வாயை ஃபாயிலால் மூடி, பாத்திரத்தின் மூடியைத் துணியால் சுற்றி, ஓரத்தில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி இடைவெளி விட்டு மூடுங்கள். ஆவி வெளியேறி வெளிக்காற்றும் உள்ளே கலப்பதால் உள்சூடு 100-க்குக் கீழே இறங்கும், மூடித் துணி சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குக்கரில் வைத்தால் வெயிட் போடக் கூடாது. அழுத்தம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலையே 100-ஐத் தாண்டிப் போய்விடும். 130 மில்லி ஸ்டீல் கிண்ணம் என்றால் 12-வது நிமிடத்திலிருந்தே தட்டிப் பாருங்கள். ஓவனில் மெல்ல வரும் அந்த நடு ஆட்டம் இங்கே சட்டென்று வந்து சட்டென்று போய்விடும் என்பதால், அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பதே நல்லது.